இரண்டு பாஸ்புக்குகள்: இருபத்து மூன்று வயதில் தொடங்கிய தங்கை, முப்பத்தைந்தில் தொடங்கிய அண்ணன்

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பம். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடிவதற்கு முன்பே தலைவிளக்கோடு மரங்களுக்குள் போய்விடுவார். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. தோட்டம் சிறியது, உரிமையாளர் தனியார், பி.எஃப். பிடித்தமெல்லாம் கிடையாது. கை நடுங்கத் தொடங்கிய பிறகும் அறுபத்தெட்டு வயதுவரை பால் வெட்டினார். வயதான காலத்துக்கென்று தனியாக எதுவும் சேர்த்து வைக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் மகன். 2002இல், இருபத்து நான்காம் வயதில், வளைகுடாவுக்கு எலெக்ட்ரிஷியன் வேலைக்குப் போனார். இளையவள் மகள், 1980இல் பிறந்தவர். தக்கலை பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சேர்ந்த புதிதில் சம்பளம் மாதம் 4,500 ரூபாய்.

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.பில் இருவரும் வைத்திருந்த கணக்குகளின் பாஸ்புக்குகளும் ஒன்றாக என் மேசைக்கு வந்தன. அண்ணனின் கடைக் கணக்கை அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்துதான் நான் பார்த்து வருகிறேன். இரண்டு பேரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தங்கை எடுத்த முடிவு, 2003

பள்ளியில் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து குலுக்கல் சீட்டு ஒன்று நடத்தினார்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். தள்ளுபடி கிடையாது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். எல்லோரும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் பணம் எடுக்கத்தான் ஆசைப்பட்டார்கள். இவர் மட்டும் கடைசித் தவணையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் போட்டிக்கு வரவில்லை.

மார்ச் கடைசியில் 12,000 ரூபாய் மொத்தமாகக் கைக்கு வரும். அதை ஏப்ரல் 5க்குள் அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கில் கட்டிவிடுவார். இந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. பி.பி.எஃப்.பில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடுவார்கள். ஏப்ரல் 5க்குள் கட்டினால் அந்தப் பணத்துக்கு முழு வருட வட்டியும் உண்டு. அப்போது அஞ்சலகத்தில் இருந்த ஒரு எழுத்தர் இதைச் சொல்லிக் கொடுத்தாராம்.

ஏன் பி.பி.எஃப்.? என்று கேட்டேன். அப்பாவை மனதில் வைத்துத்தான் என்றார். அதோடு, நினைத்தபோது எடுக்க முடியாத இடமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். வீட்டில் பணம் இருப்பது தெரிந்தால் ஏதாவது ஒரு செலவு முளைக்கும் அல்லவா.

முதல் 12,000 கட்டியது 2003 ஏப்ரலில், இருபத்து மூன்றாம் வயதில்.

முதல் பத்து ஆண்டுகளில் கண்டது

அப்போது வட்டி 8 சதவீதம். முதல் வருட முடிவில் பாஸ்புக்கில் ஏறிய வட்டி 960 ரூபாய். ஐந்து வருடம் கழித்து, 2008 மார்ச்சில், கட்டியது 60,000, இருப்பு ஏறக்குறைய 76,000. அதாவது ஐந்து வருடப் பொறுமைக்குக் கிடைத்தது 16,000 ரூபாய். உடன் வேலை பார்த்தவர்கள், "இதுக்கு ஒரு வளையல் வாங்கிப் போட்டிருக்கலாமே டீச்சர்" என்றிருக்கிறார்கள். அந்தக் கேலியில் நியாயம் இல்லாமலில்லை. பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் அந்தக் கட்டத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கூட்டுவட்டியில் முதல் சில ஆண்டுகளின் ஏற்றம் ஏறக்குறைய முழுவதும் நாம் கட்டும் பணத்தால் வருவது. வட்டிக்கு வட்டி என்பது கண்ணுக்கே தெரியாது. இரண்டாம் வருடத்தில் முதல் வருட வட்டியான 960க்குக் கிடைத்த வட்டி 77 ரூபாய்தான்.

2006இல் திருமணம். அதன் பிறகும் சீட்டு நிற்கவில்லை. 2012 ஏப்ரலில் பத்தாவது முறையாக 12,000 கட்டினார். 2013 மார்ச் முடிவில் இருப்பு 1,89,463. கட்டியது 1,20,000.

அப்புறம் இரண்டாவது குழந்தை, உடல்நலம், வேலையை விட வேண்டிய நிலை. சீட்டும் நின்றது. கணக்கு செயலற்றுப் போகாமல் இருக்க வருடத்துக்குக் குறைந்தபட்சத் தொகையான 500 ரூபாயை மட்டும் கட்டி வந்தார். 2013 முதல் 2018 வரை ஆறு முறை. ஆக அவர் மொத்தம் கட்டியது 1,23,000 ரூபாய்.

அண்ணனின் பக்கம், 2002 முதல் 2014 வரை

இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் போட்டால் அது நியாயமாகாது.

வளைகுடாவில் இருந்த பத்து வருடமும் அண்ணனின் சம்பளம் ஊருக்குத்தான் வந்தது. ஓட்டு வீடு கான்கிரீட் வீடானது. தங்கையின் கல்யாணம், நகை, அப்பாவின் கண் அறுவை, எல்லாம் அந்தப் பணம். மாதம் 1,000 ரூபாயைத் தங்கை யாரும் தொடாமல் வைத்திருக்க முடிந்தது, வீட்டுச் செலவை அண்ணன் சுமந்ததால்தான். தங்கையே இதை முதலில் சொன்னார். இன்னொன்று, வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாக பி.பி.எஃப். கணக்கு தொடங்க முடியாது. எனவே அந்த வழி அவருக்கு அப்போது அடைபட்டிருந்தது.

2012 கடைசியில் ஊர் திரும்பினார். மார்த்தாண்டத்தில் எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் கடை வைத்தார். 2014 மார்ச்சில், அப்போது வரிக் கணக்கு பார்த்தவர், வரி குறைய எதிலாவது போடுங்கள் என்று சொல்ல, ஒரு வங்கியில் பி.பி.எஃப். தொடங்கி 24,000 கட்டினார். தங்கை கட்டியதுபோல் இரண்டு மடங்கு. அதிலிருந்து ஒவ்வொரு மார்ச் கடைசி வாரமும் 24,000. ஒரு வருடம்கூடத் தவறவில்லை. 2025 மார்ச் வரை பன்னிரண்டு முறை, மொத்தம் 2,88,000 ரூபாய்.

சந்தேகம், 2025 ஏப்ரல்

வருட முடிவு வட்டியைப் பதிந்து வாங்கிய பாஸ்புக்குகளைக் கடையில், ஒரு வியாபார நாளில், தற்செயலாகத்தான் பார்த்தார்கள். தங்கையுடையதில் 4,70,611. அண்ணனுடையதில் 4,40,123.

"சார், இதுல எங்கயோ தப்பு இருக்கு. நான் கட்டுனதுல பாதிகூட அவ கட்டல. போஸ்ட் ஆபீஸ்ல வட்டி கூடுதலா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

அஞ்சலகமோ வங்கியோ, பி.பி.எஃப். வட்டி ஒன்றுதான். மத்திய அரசு அறிவிப்பது. இரண்டு கணக்குகளையும் ஆண்டுவாரியாக அறிவிக்கப்பட்ட வட்டியை வைத்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். 2011 நவம்பர் வரை 8 சதவீதம், பிறகு 8.6, 8.8, 8.7 என்று ஏறி, 2016இலிருந்து இறங்கி, 2020 ஏப்ரல் முதல் 7.1. இரண்டு பாஸ்புக்கிலும் தவறு எதுவும் இல்லை.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது

தங்கை கட்டிய பத்து தவணைகளில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் தனியாக எடுத்தேன். இரண்டும் அதே 12,000 ரூபாய். 2003 ஏப்ரலில் கட்டியது 2025 மார்ச்சில் ஏறக்குறைய 64,100 ஆகியிருந்தது. 2012 ஏப்ரலில் கட்டியது ஏறக்குறைய 32,000. ஒன்பது வருடம் முன்னால் கட்டியதற்கு இரண்டு மடங்கு. சுமார் 8 சதவீத வட்டியில் பணம் இரட்டிப்பாக ஒன்பது வருடம் ஆகும் என்பது பழைய வாய்க்கணக்கு. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் வருடம் கிடைக்கும். அண்ணன் பதினோரு வருடத்தில் ஒரு இரட்டிப்பையும் இரண்டாவதன் தொடக்கத்தையும்தான் பார்த்திருக்கிறார், அதுவும் முதல் இரண்டு தவணைகளில் மட்டும். தங்கையின் முதல் தவணைகள் இரண்டு இரட்டிப்பைத் தாண்டி மூன்றாவதில் இருந்தன.

அண்ணன் தொடங்கிய நேரத்தில் தங்கையின் கணக்கில் ஏற்கெனவே கிட்டத்தட்ட இரண்டு லட்சம் இருந்தது. அது தானாக வேலை செய்தது. 2019-20 ஆம் ஆண்டில் அவர் ஒரு ரூபாயும் கட்டவில்லை, ஆனால் வட்டி மட்டும் 24,500 ரூபாய். அதாவது அண்ணன் கடையில் நின்று சம்பாதித்துக் கட்டிய 24,000ஐ அந்த வருடத்தில் தங்கையின் வட்டியே தாண்டிவிட்டது. 2024-25இல் அது 31,198. இந்த வரியைக் காட்டியபோதுதான் அண்ணனுக்குப் பிடிபட்டது. சதவீதத்தைச் சொன்னபோது தலையாட்டினார், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் வந்தது. தங்கை நிறுத்தாமல், தொகையையும் கூட்டாமல், அதே 12,000ஐ ஒவ்வொரு ஏப்ரலிலும் கட்டியிருந்தால்? 2003 முதல் 2024 வரை 22 தவணை, மொத்தம் 2,64,000. இருப்பு ஏறக்குறைய 7,02,000 ஆகியிருக்கும். அண்ணனின் 2025 மார்ச் தவணைக்கு இன்னும் வட்டியே ஏறவில்லை, அதைக் கழித்தால் அவர் கட்டியதும் அதே 2,64,000தான். அதன் மதிப்பு ஏறக்குறைய 4,16,000. கட்டிய பணம் ஒன்று, வட்டி விகிதம் வருடத்துக்கு வருடம் ஒன்று, வித்தியாசம் 2,86,000. சின்னத் தவணையாக முன்னால் தொடங்கியதற்கும், பெரிய தவணையாகப் பின்னால் தொடங்கியதற்கும் உள்ள வித்தியாசம் அது.

மார்ச் வழக்கம்

அண்ணனின் கணக்கில் இன்னொரு சங்கதி. மார்ச்சில் கட்டுவதால் வருடா வருடம் ஒரு நஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் அப்படியில்லை. மார்ச் 28இல் கட்டினாலும் ஏப்ரல் 4இல் கட்டினாலும் அந்தப் பணத்துக்கு வட்டி ஏப்ரலிலிருந்துதான். நடந்தது என்னவென்றால், அவருடைய வரிசை முழுவதும் ஒரு வருடம் பின்னால் போய்விட்டது. 2013 ஏப்ரலில் கட்டியிருக்க வேண்டிய முதல் தவணை 2014 மார்ச்சில் விழுந்தது, அதன் பின்னால் எல்லாத் தவணைகளும். அதே பன்னிரண்டு தவணைகளை 2013 ஏப்ரல் முதல் கட்டியிருந்தால் இருப்பு ஏறக்குறைய 4,75,000. தங்கையைச் சில ஆயிரங்களில் தாண்டியிருப்பார். பதினோரு மாதத் தாமதத்தின் விலை, பன்னிரண்டு வருடம் கழித்து, 34,800 ரூபாய்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, ஒருமுறை மட்டும் அடுத்தடுத்து இரண்டு தவணை கட்டுவது. 2025 மார்ச்சில் கட்டிய கையோடு, ஏப்ரல் 4ஆம் தேதி, சரக்கு வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து இன்னொரு 24,000 கட்டினார். அந்த மாதம் கடையில் பி.வி.சி. குழாய் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. இனி அவருடைய தவணை ஏப்ரலில். வட்டி 7.1 சதவீதமாகவே இருந்தால் அந்த ஒரு தவணை 2040 மார்ச்சில் ஏறக்குறைய 67,000 ஆகும்.

2019இல் நழுவிய ஒன்று

தங்கையின் கணக்கு 2019 மார்ச் 31இல் முதிர்ந்தது. இருப்பு 3,09,452. அதை எடுத்து மனை வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு. இரண்டு நாள் யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்தார். முதிர்வுக்குப் பிறகும் பணத்தை அப்படியே விட்டால் வட்டி தொடரும் என்று தெரிந்திருந்தது. அந்த முடிவின் பலன்தான் அடுத்த ஆறு வருடத்தில் ஏறிய 1,61,000 ரூபாய்.

ஆனால் தெரியாமல் போன ஒன்று உண்டு. முதிர்ந்து ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்தால், ஐந்தைந்து வருடமாகப் புதுத் தவணையோடு தொடரலாம். கொடுக்காமல் விட்டால் வட்டி மட்டும்தான். பிறகு அந்தக் கணக்கில் பணம் கட்ட முடியாது. 2022இல் மறுபடி வேலைக்குச் சேர்ந்து, பழைய மாதிரி 12,000ஐ எடுத்துக்கொண்டு போனபோதுதான் இதை அறிந்தார். ஒருவருக்கு ஒரு பி.பி.எஃப். கணக்குதான் அனுமதி என்பதால், இதை மூடாமல் இன்னொன்றும் தொடங்க முடியாது. 2019இல் படிவத்தைக் கொடுத்து, முடியாத வருடங்களில் 500 மட்டும் கட்டியிருந்தால் கதவு திறந்தே இருந்திருக்கும். இப்போது அஞ்சலக ஆர்.டி.யில் தனியாகக் கட்டி வருகிறார்.

இந்தக் கணக்கு சொல்லாதவை

தங்கை ஜெயித்தார், அண்ணன் தோற்றார் என்று இதைப் படிக்கக் கூடாது. அண்ணன் தொடர்ந்து கட்டுகிறார், தங்கையின் கணக்கில் புதுப் பணம் இல்லை. 2027 மார்ச்சுக்குள் அவர் தங்கையைத் தாண்டிவிடுவார். இதே வட்டி நீடித்தால் 2040இல் தங்கைக்குச் சுமார் 13 லட்சம், அண்ணனுக்கு 18 லட்சத்துக்கு மேல். தாமதமாகத் தொடங்கியவரும் போய்ச் சேரலாம். ஆனால் அவர் ஏறக்குறைய ஆறரை லட்சம் கட்டிப் போய்ச் சேருகிறார், தங்கை கட்டியது 1,23,000.

விலைவாசியையும் பார்க்க வேண்டும். 2003க்கும் 2013க்கும் இடையில் விலைகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. ஆகவே தங்கையின் முதல் 12,000ஐ விட அண்ணனின் முதல் 24,000 பெரிய தியாகம் என்று சொல்ல முடியாது. 4,500 சம்பளத்தில் 1,000 எடுத்து வைப்பது லேசான காரியமில்லை. ஆனால் அவர் தொகையை ஏற்றவே இல்லை. 2012இல் அதே 12,000 அவருக்குப் பாதிச் சுமைதான். சம்பளம் கூடக் கூடத் தவணையையும் கூட்டியிருக்கலாம், அது தோன்றவில்லை. இன்னொரு பக்கம், 2003 முதல் 2025 வரை விலைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு. முதல் 12,000 ஐந்து மடங்குக்கு மேல் ஆனது என்றாலும், வாங்கும் சக்தியில் உண்மையான லாபம் சிறியது. பி.பி.எஃப். மட்டும் முதுமைக்குப் போதாது என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

தங்கம் இதைவிடப் பல மடங்கு ஏறியதே என்ற கேள்வியும் வந்தது, நம் ஊரில் வராமல் இருக்குமா? ஏறியது உண்மை. அந்த வளையல் வாங்கிய டீச்சர் லாபத்தில்தான் இருப்பார், விற்க மனம் வந்தால். ஆனால் தங்கம் வட்டி ஈனாது, விலை ஏறினால்தான் உண்டு. அதிலும் 2003இல் வாங்கியவருக்கும் 2014இல் வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி பாஸ்புக்கில் இருப்பதைவிடப் பெரியது.

பிறகு செய்த மாற்றங்கள்

தங்கையின் பணத்தை 2040க்கு முன் தொடுவதில்லை என்று முடிவு. அவருடைய ஆர்.டி. தவணையை 1,000 அல்ல, 3,000 ஆக்கினோம். இப்போதைய சம்பளத்துக்கு அது தாங்கும். அண்ணனுக்கு அறுபது வயதாக இன்னும் பதின்மூன்று வருடம்தான் இருப்பதால், பி.பி.எஃப். தவணையை அப்படியே வைத்து, கடை லாபத்தில் ஒரு பகுதியை என்.பி.எஸ். என்ற ஓய்வூதியத் திட்டத்தில் மாதந்தோறும் போடத் தொடங்கியிருக்கிறார். அதில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதைச் சொல்லி, சரிந்த ஆண்டுகளின் கணக்கையும் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு வயது 24. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவன், மாதம் 500 போட்டால் கணக்கு தொடங்க விடுவார்களா அண்ணே என்று கேட்டான். வருடத்துக்கு 500 போட்டாலே போதும் என்றார் அண்ணன். மே 2ஆம் தேதி பையனை அஞ்சலகத்துக்கு அனுப்பினார். அவன் சம்பளத்திலிருந்து 1,000 ரூபாயை மாதம் 4ஆம் தேதிக்குள் தனியாக எடுத்துக் கொடுப்பது இப்போது அண்ணனின் பொறுப்பு.